பம்பாயில் உறைந்துபோன வாடகை



சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் பேசும்போதெல்லாம் வாடகைப் பேச்சு வந்துவிடுகிறது. "வருஷா வருஷம் ஏத்துறாங்க சார், இதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு அரசாங்கம் ஒரு வரம்பு போட்டா என்ன?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அப்படி வரம்பு போட்டு, அதை அரை நூற்றாண்டுக்கு மேல் அசைக்காமல் வைத்திருந்த ஒரு நகரம் நம் நாட்டிலேயே இருக்கிறது. அது பம்பாய். அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில், இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். காரணமில்லாமல் யாரும் போட்ட சட்டம் அல்ல இது.

முதல் உலகப் போர் நடந்தபோது பம்பாயில் ஆலைகள் இரவு பகலாக ஓடின. வேலை தேடி ஜனங்கள் வந்து குவிந்தார்கள். ஆனால் கட்டுமானப் பொருட்கள் போருக்குப் போய்விட்டதால் புதிதாக வீடு எழும்பவில்லை. வீட்டுக்காரர்கள் நினைத்த வாடகை கேட்டார்கள். அதனால் 1918-ல் போர்க்காலக் கட்டுப்பாடாக ஒரு வாடகைச் சட்டம் வந்து, பிறகு காலாவதியாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அதே கதை திரும்பியது. போர் முடிந்த கையோடு தேசப் பிரிவினை. சிந்துவிலிருந்து கப்பல் கப்பலாக அகதிகள் வந்து இறங்கினார்கள். 1941-ல் சுமார் 18 லட்சமாக இருந்த பம்பாய்ப் பகுதியின் ஜனத்தொகை 1951-ல் சுமார் 30 லட்சம் ஆகிவிட்டது. பத்தே வருஷத்தில் ஒரு நகரத்தின் மேல் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு நகரம் வந்து உட்கார்ந்தால் வாடகை எங்கே போய் நிற்கும்? அன்றைக்கு அரசாங்கம் தலையிடாமல் இருந்திருந்தால் ஆலைத் தொழிலாளி குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த நிலையில் வந்ததுதான் 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, 'நிலையான வாடகை' என்று ஒன்றை நிர்ணயித்தது. 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி அந்த வீட்டுக்கு என்ன வாடகையோ, அதுதான் வாடகை. அதற்குப் பிறகு கட்டிய வீடு என்றால், முதன்முதலில் என்ன வாடகைக்கு விட்டார்களோ அது. இரண்டாவது, வாடகை ஒழுங்காகக் கட்டும் வரை குடியிருப்பவரை எளிதில் காலி செய்ய முடியாது. குடியிருப்பவர் இறந்துபோனால் கூட இருந்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை போய்ச் சேரும்.

இந்த இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகள். வாடகையை மட்டும் நிறுத்திவிட்டு, காலி செய்யச் சொல்லும் உரிமையை வீட்டுக்காரரிடம் விட்டுவைத்தால், அவர் பழைய ஆளைக் கிளப்பிவிட்டுப் புது ஆளிடம் கூடுதலாக வாங்கிக்கொள்வார். ஆகையால் வாடகைக்கு வரம்பு போடுகிற எந்த அரசும், கூடவே வெளியேற்றத்துக்கும் தடை போட்டே ஆக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த விளைவுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைத்தன.

சட்டம் தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். சில வருஷங்களுக்கு மட்டும் என்று போட்ட சட்டத்தை, காலக்கெடு முடிய முடிய நீட்டித்துக்கொண்டே போனார்கள். 1940-ஆம் ஆண்டு வாடகை 1950-லும் இருந்தது, 1970-லும் இருந்தது, 1990-லும் இருந்தது. நகரம் வளர்ந்தது, சம்பளம் வளர்ந்தது, அரிசி விலை, சிமெண்ட் விலை, கொத்தனார் கூலி எல்லாம் வளர்ந்தன. வாடகை மட்டும் அந்த செப்டம்பர் 1-ஆம் தேதியிலேயே நின்றுவிட்டது.

இதன் பொருள் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள்தான். கிர்காம் பக்கம் ஒரு பழைய 'சால்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சால் என்பது வரிசையாக ஒற்றை அறைகளும், முன்னால் பொது நடையும், கோடியில் பொதுக் கழிப்பறையும் உள்ள மாடிக் கட்டடம். நாற்பது அறை, அறைக்கு மாதம் 20 ரூபாய். மாதத்துக்கு 800, வருஷத்துக்கு 9,600 ரூபாய். இதிலிருந்துதான் வீட்டுக்காரர் வரி கட்ட வேண்டும், தண்ணீர் மோட்டார் ஓட்ட வேண்டும், கூட்டிப் பெருக்க ஆள் வைக்க வேண்டும். 1990 வாக்கில் அந்தக் கட்டடத்தின் மரத் தூண்கள் உளுத்து, கூரை ஒழுகி, ஒரு பெரிய மராமத்துக்கு 3 லட்சம் ஆகும் என்று மேஸ்திரி சொல்கிறார். மற்ற செலவு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், முப்பத்தொரு வருஷத்து மொத்த வாடகை அந்த ஒரே மராமத்துக்குப் போய்விடும். எந்த வீட்டுக்காரர் செய்வார்? மகாத்மாவாக இருந்தாலும் தயங்குவார். கட்டடம் விழுந்தால் வாடகைக்காரர் போய்விடுவார், நிலமாவது மிஞ்சும் என்று நினைக்கிற வீட்டுக்காரரும் இருந்திருப்பார்.

சரி, விலை நின்றுவிட்டது என்கிறோமே, உண்மையில் நின்றதா? இல்லை. முன்வாசலை அடைத்தால் அது கொல்லைப்புறமாக வரும். பம்பாயில் அது வந்த வழிக்குப் பெயர் 'பக்டி'. நம் ஊரில் பகடி என்றால் கேலி. அங்கே பக்டி என்றால் தலைப்பாகை. வாடகை வீட்டுக்குள் நுழைய முன்பணமாக ஒரு பெரிய தொகையைக் கைமேல் கொடுக்க வேண்டும், அதுதான் பக்டி. திரும்பி வருகிற அட்வான்ஸ் அல்ல அது. பழைய வாடகைக்காரர் வெளியேறும்போது வருகிறவரிடம் பக்டி வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுப்பார். ரசீதில் மாதம் 20 ரூபாய்தான் இருக்கும். ரசீதில் இல்லாத பணம் கறுப்பில் கைமாறும். சட்டப்படி இது குற்றம். ஆனால் நகரம் முழுக்க இதுதான் நடைமுறை. வாடகைக்காரர் பாதி சொந்தக்காரர் மாதிரி ஆனார், வீட்டுக்காரர் பாதி தரகர் மாதிரி ஆனார்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். மாத வாடகையாக இருந்தால் மாதச் சம்பளக்காரர் கட்டிவிடலாம். மொத்தமாகக் கொடு என்றால் யாரால் முடியும்? கையில் பணம் உள்ளவரால்தான் முடியும். ஏழையைக் காப்பாற்ற வந்த வரம்பு, புதிதாக வருகிற ஏழைக்கு வாசலையே அடைத்துவிட்டது. 1947-ல் உள்ளே இருந்தவர் உள்ளே இருந்தார். பின்னால் திருநெல்வேலியிலிருந்தோ ரத்னகிரியிலிருந்தோ ரயிலேறி வந்தவருக்கு அந்தச் சாலில் இடமில்லை. அவர் தாராவி மாதிரி இடத்தில்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. குடிசைப் பகுதிகள் பெருகியதற்கு வாடகைச் சட்டம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். தீவு நகரத்தில் நிலம் குறைவு, கூலி குறைவு, வேறு பல சட்டங்களும் உண்டு. ஆனால் வாடகைக்கு வீடு கட்டுகிறவர்களே இல்லாமல் போனதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏன் கட்டவில்லை? புதுக் கட்டடமும் முதல் வாடகையிலேயே உறைந்துவிடும் என்று முன்பே சொன்னேன். அப்புறம் எவர் வாடகைக்கென்று கட்டுவார்? கட்டி விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். போருக்கு முன் பம்பாயில் பணம் உள்ளவர்கள் வருமானத்துக்காகச் சால் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் விற்பதற்காக ஃபிளாட் கட்டினார்கள். 1963-ல் மகாராஷ்டிரத்தில் ஃபிளாட் விற்பனைக்கென்றே தனிச் சட்டம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஃபிளாட் வைத்திருந்தவர்களாவது அதை வாடகைக்கு விட்டார்களா? பயந்து பயந்து விட்டார்கள். 'வாடகை' என்ற சொல்லையே எழுதாமல், 'அனுமதி உரிமம்' என்று பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொண்டார்கள். குடியிருப்பவர் வாடகைக்காரர் அல்ல, உரிமம் பெற்றவர் மட்டுமே, ஆகவே சட்டம் அவருக்குப் பொருந்தாது என்பது வாதம். கொஞ்ச காலம் இது ஓடியது. பிறகு அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, 1973 பிப்ரவரி 1-ஆம் தேதி அன்று இப்படி உரிமத்தில் குடியிருந்தவர்கள் எல்லோரும் இனி சட்டப்படி வாடகைக்காரர்களே என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அது தீபாவளி. ஆனால் சொந்தக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? எந்தத் தாளில் எழுதினாலும் ஒருநாள் வீடு கையை விட்டுப் போகலாம், பூட்டியே வைப்பதுதான் பத்திரம் என்பதுதான். வீட்டுக்கு ஏங்குகிற நகரத்தில் வீடுகள் பூட்டிக் கிடந்த அதிசயம் இப்படித்தான் நடந்தது.

இனி அந்தச் சுவர்களுக்கு வருகிறேன். கடற்காற்றில் உப்பு, நாலு மாத மழை, மரத்தூண், சுண்ணாம்புச் சுவர். மராமத்து இல்லாத கட்டடங்கள் மழைக்காலத்தில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. வீட்டுக்காரர் செய்யவில்லை, வாடகைக்காரருக்குத் தன் கட்டடம் அல்ல. ஆகவே அரசாங்கமே மராமத்து செய்ய 1969-ல் தனி வாரியம் அமைத்தது. அதற்காக இந்தக் கட்டடங்களுக்கு 'செஸ்' என்ற கூடுதல் வரி விதித்தார்கள். இன்றும் மும்பையில் இவற்றை 'செஸ் கட்டடம்' என்றுதான் சொல்வார்கள். தொடக்கத்தில் இப்படிக் கணக்கெடுத்தவை சுமார் 19,600. அவற்றில் பெரும்பாலானவை 1940-க்கு முன் கட்டியவை. வசூலாகும் செஸ் மராமத்துக்குப் போதவில்லை, அரசு தன் கையிலிருந்து போட்டது, அதுவும் போதவில்லை. ஆக, வாடகையில் குறைத்த பணத்தை வேறு வழியில் எல்லோரும் வரியாகக் கட்டினார்கள். அப்படியும் கட்டடம் நிற்கவில்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜாரில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கட்டடம் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஜூலையில் டோங்ரியில் இன்னொன்று. ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் ஒரே சட்டத்தின் மேல் போட முடியாது. ஆனால் அபாயம் என்று தெரிந்தும் ஜனங்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், இந்த வரலாறு தெரியாமல் பதில் கிடைக்காது. வெளியேறினால் அதே பணத்துக்கு அந்த நகரத்தில் எங்கேயும் ஒரு மூலைகூடக் கிடைக்காது.

எளிதில் கண்ணில் படாத இன்னொரு விளைவும் உண்டு. அப்போது மாநகராட்சி சொத்து வரியை, அந்த வீடு என்ன வாடகைக்குப் போகும் என்ற மதிப்பின்மேல் போட்டது. சட்டம் அனுமதிக்கிற வாடகைக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லிவிட்டது. நியாயம்தான். வாங்கக் கூடாத வாடகைக்கு எப்படி வரி போடுவது? ஆனால் அதனால் நகரத்தின் நடுவில் இருந்த விலையுயர்ந்த கட்டடங்களின் வரியும் வாடகையோடு சேர்ந்து உறைந்துவிட்டது. புறநகரில் புது ஃபிளாட்டில் இருந்தவர் அதிக வரி கட்ட, தெற்கு பம்பாயின் பழைய கட்டடத்தில் இருந்தவர் சொற்பம் கட்டினார். நிலத்தின் மதிப்பை வைத்து வரி போடும் முறைக்கு மும்பை மாறியது 2010-ல்தான்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர் ஒருவர், வாடகைக்காரர் நாற்பது குடும்பம். ஓட்டுக் கணக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு, அந்த நாற்பது குடும்பத்தையும் வில்லன்களாகப் பார்க்காதீர்கள். பக்டி கொடுத்து வந்தவர்கள், இரண்டு தலைமுறையாக வாழ்ந்தவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள் அவர்களில் பலர். மாட்டுங்காவில் இப்படி வாழ்ந்த நம் தமிழ்க் குடும்பங்களும் எத்தனையோ. சட்டம் நீடித்த ஒவ்வொரு வருஷமும் அதை விலக்குவது இன்னும் கடினமாயிற்று. ஏனென்றால் நிஜ விலைக்கும் ரசீது விலைக்கும் உள்ள பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது.

கடைசியில் 1997 டிசம்பரில், மால்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னது. இந்த நிலையான வாடகைப் பிரிவுகள் போடப்பட்ட காலத்தில் நியாயமானவைதான். ஆனால் காலப்போக்கில் அவை நியாயமற்றவையாக ஆகிவிட்டன. சட்டத்தின் ஒரு எழுத்துகூட மாறவில்லை, சுற்றியிருந்த உலகம் மாறியதால் சட்டம் தவறாகிவிட்டது. வரலாறு படித்த நீங்கள் எல்லோரும் இந்தக் கருத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். புதுச் சட்டம் வரப்போகிறது என்பதால் நீதிமன்றம் பழையதை அப்போதே ரத்து செய்யவில்லை. 2000 மார்ச் 31 அன்று மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் வருஷத்துக்கு 4 சதவீதம் ஏற்றலாம் என்றார்கள். ஆனால் ஏற்றம் பழைய வாடகையின் மேல்தானே? நம் கணக்கில் வந்த 20 ரூபாய், இருபத்தைந்து வருஷம் 4 சதவீதமாக ஏறினாலும் 53 ரூபாயைத்தான் தொடும். பள்ளத்தில் நிற்கிறவருக்கு வருஷத்துக்கு ஒரு படி கொடுத்த மாதிரி. பக்டியையும் புதுச் சட்டம் ஒப்புக்கொண்டது. கூடவே, வங்கிகளையும், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மூலதனம் உள்ள கம்பெனிகளையும் பாதுகாப்பிலிருந்து நீக்கியது. அதாவது அதுவரை, ஆலைத் தொழிலாளிக்காகப் போட்ட வரம்பின் நிழலில் அவர்களும் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்!

நம் சென்னையிலும் வாடகைக் கட்டுப்பாடு இருந்ததே, இங்கே ஏன் இவ்வளவு பாடில்லை என்று சிலர் கேட்கலாம். நம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வழக்குகளுக்குக் குறைவில்லை, காலி செய்வது இங்கும் பெரும்பாடுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. 1973-க்குப் பிறகு அதைக் கணக்கிட்ட விதம் இது: மனையின் சந்தை மதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டடச் செலவையும் கூட்டி, குடியிருப்புக்கு வருஷத்துக்கு அதில் 9 சதவீதம். மனையின் மதிப்பு ஏறினால் வீட்டுக்காரர் மனுப் போட்டு வாடகையை ஏற்றிக்கேட்க முடிந்தது. வரம்பு இருந்தது, ஆனால் அது ஒரு தேதியில் அறையப்பட்ட ஆணி அல்ல. அந்தச் சட்டமும் போய், 2019 பிப்ரவரியிலிருந்து வாடகையை எழுத்து ஒப்பந்தப்படி இருவரும் பேசி முடிவு செய்யும் புதுச் சட்டம் வந்துவிட்டது.

வரம்பு கீழ்ப்பக்கம் போட்டாலும் இதே தர்க்கம்தான், திசை மட்டும் மாறும். நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதரவு விலை வைத்து அரசே வாங்கியதால் பஞ்சாப் விவசாயி பிழைத்தார், நாடும் பசியிலிருந்து தப்பியது. ஆனால் நெல் விளையாத பூமியெல்லாம் நெல்லுக்கு மாறி, கிடங்கு நிரம்பி, நிலத்தடி நீர் கீழே கீழே போனது. வாடகையில் சுவர் கொடுத்த விலையை அங்கே கிணறு கொடுத்தது. அது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆகவே, வாடகைக்கு வரம்பு போடலாமா என்று கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். நெருக்கடிக் காலத்தில் வரம்பு உயிரைக் காக்கும். 1947-ல் காத்தது. ஆனால் போடும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்தத் தேதியில் முடியும்? அதுவரை எந்தக் கணக்குப்படி ஏறும்? புது வீடுகளை யார் கட்டுவார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத வரம்பு, உள்ளே இருப்பவருக்குக் கூரையாகவும், வெளியே நிற்பவருக்குப் பூட்டாகவும்தான் இருக்கும்.

வரம்பு இறுக ஆரம்பித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. ஒரு ஊரில் "வாடகை எவ்வளவு?" என்று கேட்டால், ரசீதுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என இரண்டு தொகை சொல்வார்கள். ஆளில்லாத வீடுகள் பூட்டிக் கிடக்கும். நல்ல இடத்தில் இருக்கும் கட்டடத்தின் சுவரில் ஆலஞ்செடி முளைத்திருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே விலை வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

மும்பையில் இருக்கிற நம் பிள்ளைகள், உங்கள் தாத்தா பாட்டி குடியிருந்த வீட்டின் வாடகை ரசீது ஏதாவது பெட்டியில் கிடந்தால் எடுத்துப் பார்த்து, என்ன தொகை, எந்த வருஷம் என்று எழுதுங்கள். அந்தச் சின்னத் தாள்களும் வரலாற்று ஆவணங்கள்தான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.